கோபமாக வந்த செய்திக்குப் பதில்: முதல் வரியில் எதை வைப்பது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன அச்சகத்தில் ஆர்டர் எடுப்பதும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகை. இதே மாதிரி கடை நடத்துகிற நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒருத்தர் கண்டபடி திட்டி மெசேஜ் போட்டிருக்கார். முதல்ல ஸாரி சொல்லணுமா, என்ன நடந்துச்சுன்னு சொல்லணுமா, 'சரி பண்ணித் தர்றோம்'னு ஆரம்பிக்கணுமா?" மூன்றையும் செய்தால் என்ன என்று தோன்றும். எல்லாவற்றையும் முதல் வரியில் வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். கோபத்தில் இருப்பவர் போன் திரையில் எட்டிப்பார்க்கும் அந்த ஒன்றரை வரியைப் படித்துவிட்டே மீதியை எந்த மனநிலையில் படிப்பது என்று முடிவு செய்துவிடுகிறார்.

பொதுவாகப் பேசினால் எல்லாமே சரி மாதிரிதான் தெரியும். அதனால் எங்கள் கடைக்கே வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடக்கத்தையும் அதன் மேல் வைத்துப் பார்க்கிறேன்.

வந்த செய்தி

இரவு 11.10-க்கு வாட்ஸாப்பில் வந்தது. அனுப்பியவர் பெண்ணின் அப்பா, நெல்லிக்குப்பம் பக்கம்.

"நீங்கல்லாம் பிரஸ் வெச்சி நடத்துறீங்களா? திங்கட்கிழமை ஏழரை டு ஒம்போது ராகு காலம்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எம் பொண்ணு முகூர்த்தத்தை ராகு காலத்துல போட்டு வெச்சிருக்கீங்க. 180 வீட்டுக்குக் குடுத்தாச்சு. சம்பந்தி வீட்ல இருந்து போன் மேல போன். காலைல கடைக்கு வர்றேன், அப்புறம் பேசிக்கலாம்."

பழைய ஆர்டர் கவரைத் தேடி எடுத்தேன். அவர் கைப்பட எழுதிக் கொடுத்த மேட்டரில் "காலை 6.00 – 7.30" என்று தெளிவாக இருந்தது. டிடிபி போடுகிற தம்பி, முந்தைய வாரத்து வியாழக்கிழமைக் கல்யாணத்தின் ஃபைலைத் திறந்து பெயர், மண்டபம், தேதி எல்லாம் மாற்றிவிட்டு நேரத்தை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறான். வியாழக்கிழமைக்கு ஏழரை முதல் ஒன்பது ராகு காலம் கிடையாது, திங்களுக்கு அதுவேதான் ராகு காலம். புரூஃப் இரவு 9.40-க்கு அவருடைய மகனின் நம்பருக்குப் போயிருக்கிறது. ஒரே நிமிடத்தில் கட்டைவிரல் பதிலாக வந்திருக்கிறது.

ஆக, தப்பு எங்களுடையது. ஓகே சொன்னது அவர்கள். மொத்தம் 500 கார்டு, 320 இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. கல்யாணத்துக்கு 19 நாள்.

எதை வைத்து எடை போடுவது

மூன்று கேள்விகள் போதும். முதலாவது: அந்த ஒன்றரை வரியில் அவர் எழுதியதை நாம் படித்தோம் என்று தெரிகிறதா? "தங்கள் செய்தி கிடைத்தது" என்பது படித்ததற்கு அடையாளம் ஆகாது. அதை யாருக்கும் அனுப்பலாம்.

இரண்டாவது: நமக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாத எதையாவது ஒப்புக்கொள்கிறோமா, கொடுக்க முடியாத எதையாவது கொடுப்பதாகச் சொல்கிறோமா?

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. இந்தச் செய்தி அவருக்கு மட்டும் போவதில்லை. பத்து நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட்டாகி சம்பந்தி வீட்டுக்குப் போகும். "பாருங்க, பிரஸ்காரனே ஒத்துக்கிட்டான்" என்று காட்ட அவருக்கு உதவுமா? அல்லது "அவன் என்னையே குத்தம் சொல்றான்" என்று காட்ட வைக்குமா? அன்றைக்கு அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது பணமோ புதுக் கார்டோ இல்லை. பையன் வீட்டில் நிமிர்ந்து பேச ஒரு சாட்சி தேவைப்பட்டது. கோபக்காரர் எவருக்கும் பின்னால் இப்படி ஒரு மூன்றாம் ஆள் நிற்பார். அவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் முதல் வரி பாதி வந்துவிடும்.

மன்னிப்பில் தொடங்குவது

கை தானாகப் போவது இதற்குத்தான். "வணக்கம் ஐயா, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்."

முதல் கேள்வியிலேயே இது தோற்றுவிடுகிறது. மின்தடைக்கும் இதே வரி, ரயில் தாமதத்துக்கும் இதே வரி. பெண்ணின் முகூர்த்தம் ராகு காலத்தில் அச்சானதற்கும் இதே வரி என்றால், அவருக்கு அது வெந்த புண்ணில் வேல். "சிரமம்" என்கிற சொல்லே இடிக்கிறது. சிரமம் என்பது பஸ்ஸில் சீட் கிடைக்காதது. இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது: "சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்." அந்த "இருந்தால்", அவருக்கு ஒன்றும் ஆகவில்லையோ என்று நாம் சந்தேகப்படுவதாகச் சொல்கிறது.

அதற்காக மன்னிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்னிப்பின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆறு கூறுகளைச் சோதித்ததில், "தப்பு என்னுடையது" என்று பொறுப்பேற்பதுதான் முதலிடம். சரி செய்து தருகிறேன் என்பது அடுத்தது. கடைசியில் வந்தது "மன்னித்துவிடுங்கள்" என்ற வேண்டுகோள். எங்கள் கடையில் பார்ப்பதும் அதேதான். "மன்னிச்சிடுங்க சார்" என்று தொடங்கினால் எதிராளிக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். மன்னிக்கவேண்டிய வேலை. அந்த நேரத்தில் அதற்கு அவர் தயாராக இல்லை.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. இரவு 11 மணிக்குக் கவரைத் திறந்து பார்க்காமலே "தப்பு நடந்துடுச்சு, ஸாரி" என்று போட்டுவிட்டு, காலையில் மேட்டரைப் பார்த்தால் அவரே 7.30 என்று எழுதியிருப்பார். அப்போது பின்வாங்கினால் பொய்யர் ஆகிவிடுவோம்.

மன்னிப்பு முதலில் வரவேண்டிய இடமும் உண்டு. தப்பு சின்னது, முழுக்க நம்முடையது, சரி செய்தும் ஆகிவிட்டது என்றால் "ஸாரிண்ணே, கவர் 20 குறைஞ்சிடுச்சு, பையன்கிட்ட குடுத்தனுப்பிட்டேன்" என்பதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

விளக்கத்தில் தொடங்குவது

அன்றைக்கு டிடிபி தம்பி சொன்னது இதுதான்: "அண்ணே, அவங்க பையன்தான ஓகே குடுத்தான்? அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிவிடுங்க, தானா அடங்கிடுவாரு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் மேல் இருந்த கோபம் அவர் மகன் மேல் திரும்பும். பிறகு, மகனைக் காட்டிக்கொடுத்ததற்காக இரண்டு மடங்காக எங்களிடமே வரும். சம்பந்தி வீட்டுக்கு அனுப்பவும் முடியாத செய்தி அது. "நீங்கள்தான்" என்பதில் வரும் "தான்" தமிழில் விரல் நீட்டுகிற சொல். முதல் வரியில் அது எங்கே இருந்தாலும் எடுத்துவிடுவேன்.

விளக்கம் பின்வாசல் வழியாகவும் நுழையும். "முகூர்த்த நேரம் தவறாக இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள்" என்று எழுதுகிறோம். எழுதியவருக்கு இது மரியாதையான அலுவலக நடை. படிப்பவருக்கோ அந்த "இருப்பதாக", "நீ சொல்ற, எனக்குத் தெரியாது" என்று கேட்கிறது. நம் குரல் செய்தியில் போகாது, எழுத்து மட்டும்தான் போகும். மின்னஞ்சலில் தங்கள் தொனி எதிராளிக்கு எவ்வளவு சரியாகப் போய்ச் சேரும் என்பதை மனிதர்கள் அதிகமாகவே மதிப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2005-ல் காட்டினார்கள். அதனால் சந்தேக விகுதி எதுவும் வேண்டாம். தப்பு உறுதியாகத் தெரிந்தால் "தவறாக அச்சாகியிருக்கிறது" என்று நேராக முடித்துவிடலாம்.

ஆனால் ஒரே ஒரு வகைக் கோபத்துக்கு விவரம்தான் முதலில் போகவேண்டும். நாணயத்தைச் சந்தேகிக்கிற கோபம். "2,000 அட்வான்ஸ் குடுத்தேன், பில்லுல காட்டாம ஏமாத்துறீங்க" என்று ஒருவர் எழுதினார். இங்கே "வருந்துகிறோம்" என்று தொடங்கினால் ஏமாற்றியதை ஒப்புக்கொண்ட மாதிரிதான் படிக்கப்படும். திறமைக் குறைவால் வந்த தப்புக்கு மன்னிப்பு உதவுகிறது, நேர்மை மீறலாகப் பார்க்கப்படுகிற ஒன்றுக்கு மன்னிப்பைவிட மறுப்பே நம்பிக்கையை மீட்க அதிகம் உதவுகிறது என்று பீட்டர் கிம்மும் மற்றவர்களும் 2004-ல் செய்த ஆய்வு சொல்கிறது. அவருக்கு நான் எழுதிய முதல் வரி: "நீங்க குடுத்த 2,000 பில்லோட ரெண்டாவது பக்கத்துல கழிச்சிருக்கு சார், போட்டோ கீழே." அதிலும் "நீங்க சரியாப் பாக்கல" என்ற வார்த்தை இல்லை. பணம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் இருக்கிறது.

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தொடங்குவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உண்மை தெரியாதபோது இதுதான் நேர்மையான பதில். ஆனால் நேரம் சொல்லாவிட்டால் தட்டிக்கழிப்பதாகவே படும். "விரைவில்" என்பது நேரம் இல்லை. "காலை 9 மணிக்குக் கடை திறந்ததும் உங்க மேட்டரை எடுத்துப் பார்த்து 9.30-க்குள்ள நானே கூப்பிடுறேன்" என்பது நேரம். 9.31 ஆனால் முதலுக்கே மோசம். எங்கள் விஷயத்தில் கவர் கையெட்டும் தூரத்தில் இருந்ததால் இது தேவைப்படவில்லை. ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

தீர்வில் தொடங்குவது

"கவலைப்படாதீங்க சார், 500 கார்டும் புதுசா அடிச்சுக் குடுத்துடுறோம்."

வியாபாரிகளுக்குப் பிடித்த தொடக்கம். வேகமாகவும் இருக்கும், தாராளமாகவும் தெரியும். இதற்கு எதிராகப் பேசுவது கஷ்டம். நானே பல வருடம் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதில் இரண்டு கோளாறு. நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் தீர்வுக்குத் தாவினால், "காசை விட்டெறிஞ்சு வாயை அடைக்கப் பாக்குறான்" என்று படும். "கவலைப்படாதீங்க" என்பது "அமைதியா இருங்க" என்பதன் தம்பிதான். கவலைப்படக் காரணம் இருக்கும் ஆளிடம் அதைச் சொல்லக்கூடாது.

இரண்டாவது, தீர்வு என்று நாம் நினைப்பது அவருடைய தீர்வாக இருக்காது. 500 புதுக் கார்டு வந்தாலும் 180 வீடுகளில் பழைய கார்டு மேஜை மேல் கிடக்கிறது. அந்த 180-தான் அவருடைய பிரச்சினை. திருத்திய நேரத்தை ஸ்டிக்கராக ஒட்டித் தரலாம் என்றால், கல்யாணக் கார்டில் ஒட்டுப் போடுவதா என்று சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். கேட்காமல் சொல்லிவிட்டால் இரண்டாவது சண்டைக்கு நாமே வழி வெட்டிக்கொடுக்கிறோம். சிவகாசியிலிருந்து வந்த அந்த மாடல் கார்டு கையிருப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. அன்றைக்கு எங்களிடம் 350 சொச்சம்தான் இருந்தது. 500 என்று எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

பொருள் கைக்கு வரவில்லை, இன்றே வேண்டும் என்கிற அவசரக் கோபத்துக்கு மட்டும் தீர்வே முதல் வரி. மண்டப வாசலில் நின்று "பேனர் எங்கய்யா?" என்று கேட்பவரிடம் "வண்டி மஞ்சக்குப்பம் தாண்டிடுச்சு" என்பதற்கு முன்னால் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்லித் தொடங்குவது

நான் அனுப்பியது இந்த வகை. அவருடைய குற்றச்சாட்டில் எது உண்மையோ அதை நம் வினைச்சொல்லில், நம்மை எழுவாயாக வைத்துச் சொல்வது.

"ஐயா, நீங்க எழுதிக் கொடுத்த முகூர்த்தம் காலை 6.00 – 7.30. அதை 7.30 – 9.00 என்று அடித்தது நாங்கள்."

மன்னிப்பு என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் பொறுப்பு முழுசாக இருக்கிறது. "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தால், மழை பெய்த மாதிரி அது தானாக நேர்ந்தது என்று ஆகிவிடும். சரியான நேரம் எது என்பது எங்கள் நம்பரிலிருந்தே எழுத்தில் வந்துவிட்டதால், சம்பந்தி வீட்டுக்கு அப்படியே அனுப்பலாம். மகன் கொடுத்த ஓகே பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் அதைக் கேட்டால் பொய் சொல்லமாட்டோம், கேட்காதவரை நாம் எடுக்கப்போவதும் இல்லை.

"உங்க கோபம் புரியுது" என்று ஏன் எழுதவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். முன்பின் பழகாதவரிடம் இந்த வரி எனக்கு வேலை செய்ததில்லை. "என்னய்யா புரிஞ்சிது ஒனக்கு?" என்றுதான் வரும். கோபத்துக்குப் பெயர் வைப்பதைவிட, கோபத்துக்குக் காரணமான பொருளுக்குப் பெயர் வைப்பது நல்லது. "180 வீட்டுக்குப் போயிருக்கு, பையன் வீட்ல நீங்க பதில் சொல்லவேண்டியதாப் போச்சு" என்றால் புரிந்தது தானாகத் தெரியும்.

இந்தத் தொடக்கத்துக்கும் செலவு உண்டு. எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டோம், இனி மறுக்க முடியாது. அதனால் பேப்பரைப் பார்க்காமல் இதை எழுதவே கூடாது. பெரிய தொகை, வழக்கு, காயம் என்று போகிற விஷயமாக இருந்தால் "அடித்தது நாங்கள்" என்ற பகுதியை வக்கீலிடம் கேட்காமல் எழுதவேண்டாம். அங்கே "180 வீட்டுக்கு 7.30 என்று போட்ட கார்டு போயிருக்கிறது" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதுவே "படித்துவிட்டேன்" என்று சொல்லிவிடும்.

ஒரே பார்வையில்

| தொடக்கம் | படித்தது தெரிகிறதா | மறைந்த செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|
| மன்னிப்பு | இல்லை | எதிராளிக்கு வேலை; பின்வாங்க முடியாது | சின்னத் தப்பு, சரி செய்தாகிவிட்டது |
| விளக்கம் | குற்றம் சாட்டுவதாகத் தெரியும் | மூன்றாம் ஆளிடம் அவரைக் குனிய வைக்கும் | நாணயத்தைச் சந்தேகிக்கும்போது |
| பார்த்துச் சொல்கிறேன் | ஓரளவு | சொன்ன நேரம் தவறினால் எல்லாம் போச்சு | உண்மை தெரியாதபோது |
| தீர்வு | இல்லை | அவர் கேட்காத தீர்வு; கையிருப்பு | அவசரம், பொருள் வழியில் இருக்கும்போது |
| நடந்தது நடந்தபடி | ஆம் | எழுத்தில் ஒப்புதல் | தப்பு நம்முடையது, பேப்பர் கையில் இருக்கிறது |

விளிப்பும் "நாம்"-உம்

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு சின்ன விஷயம் கெடுத்துவிடும். நேற்றுவரை "நீங்க" என்று பேசிய கடைக்காரர் திடீரென்று "தாங்கள்", "தங்களது" என்று எழுதினால், பணிவு தெரிவதற்குப் பதில் கதவைச் சாத்திய மாதிரி தெரியும். பேசிய மரியாதையிலேயே எழுதவேண்டும். ஒரு படி ஏற்றலாம், மூன்று படி ஏற்றக்கூடாது. அவரைக் கடையில் "சார்" என்றுதான் கூப்பிடுவேன். அன்று "ஐயா" என்று எழுதினேன், அது வயதுக்கு.

இன்னொன்று நாம், நாங்கள். "நாம இதைச் சரி பண்ணிடலாம்" என்று எழுதினால், தப்பிலும் அவருக்குப் பங்கு கொடுத்த மாதிரி ஆகிறது. தப்புக்கு "நாங்கள்". சம்பந்தி வீட்டுக்கு எப்படித் தெரிவிப்பது என்ற யோசனைக்கு வரும்போது "நாம" என்று சேர்ந்துகொள்ளலாம்.

அனுப்பியது

இரவு 11.35-க்குப் போனது இதுதான்:

"ஐயா, நீங்க எழுதிக் கொடுத்த முகூர்த்தம் காலை 6.00 – 7.30. அதை 7.30 – 9.00 என்று அடித்தது நாங்கள். கார்டு 180 வீட்டுக்குப் போயிருக்கு, பையன் வீட்டிலும் நீங்க பதில் சொல்லவேண்டியதாகிவிட்டது. மீதி 320 கார்டும் புதுசாக அடித்து நாளை மாலை 5 மணிக்குள் உங்கள் வீட்டில் கொடுக்கிறோம், காசு வேண்டாம். கொடுத்து முடித்த 180-க்கு என்ன செய்யலாம் என்று காலையில் நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம். உங்களுக்கு இந்த நிலைமையைக் கொண்டுவந்ததற்கு வருந்துகிறேன்."

மன்னிப்பு கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஐந்து வரி அதற்கு இடம் செய்து வைத்திருந்தது.

நீல டிக் உடனே விழுந்தது. ஏழு நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது: "180 பேருக்கும் வாட்ஸாப்புல அனுப்ற மாதிரி கரெக்ட் டைம் போட்டு ஒரு டிசைன் குடுங்க. பிள்ளையார் படம் வெச்சி." அதில் ஐயா, சார் எதுவும் இல்லை, நன்றியும் இல்லை. தம்பியை எழுப்பி டிசைன் போட்டு, இந்த முறை நேரத்தை நானே மேட்டரோடு விரல் வைத்து ஒத்துப்பார்த்து, அவர் நம்பருக்கும் மகன் நம்பருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். மகனிடமிருந்து கட்டைவிரல் வரவில்லை. "6.00 – 7.30 சரி" என்று எழுத்தில் வந்தது.